சரியா, தவறா: எதிர்மறைக் கூற்றுகளுக்கான விடைக்குறிப்பு

அறிவியல் அலகுத் தேர்வு, பகுதி ஆ. ஒவ்வொரு கூற்றிலும் விடைக்கு ஒரு மதிப்பெண், ஒரே வாக்கியத்தில் எழுதப்படும் காரணத்திற்கு ஒரு மதிப்பெண்.

1. வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பது உண்மையன்று.
விடை: தவறு. ஒலி பரவ ஊடகம் தேவையாதலால் "பரவாது" என்பதே உண்மை. அதை மறுக்கும் கூற்று பிழையாகிறது.

2. முட்டையிடும் பாலூட்டிகள் எவையும் இல்லை.
விடை: தவறு. பிளாட்டிபஸ், எக்கிட்னா ஆகியவை முட்டையிட்டுக் குஞ்சுகளுக்குப் பாலூட்டுகின்றன.

3. தூய நீர் 100 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒருபோதும் கொதிக்காது.
விடை: தவறு. உயரமான மலைகளில் வளிமண்டல அழுத்தம் குறைவதால் நீரின் கொதிநிலையும் 100 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது.

4. பூஞ்சைகள் தாவரங்கள் அல்ல, ஏனெனில் அவற்றிற்குச் செல்சுவர் இல்லை.
விடை: தவறு. பூஞ்சைகள் தாவரங்கள் அல்ல என்பது சரியே எனினும், அவற்றிற்குக் கைட்டினாலான செல்சுவர் இருப்பதால் கூறப்பட்ட காரணம் பொருந்தாது.
முற்பாதியை மட்டும் படித்துச் "சரி" என்று எழுதுவோர் இங்கேதான் மிகுதி. அவ்விடைக்கு மதிப்பெண் இல்லை.

5. எல்லா உலோகங்களும் அறை வெப்பநிலையில் திண்மங்கள் அல்ல.
விடை: சரி. பாதரசத்தின் உருகுநிலை சுமார் −39 டிகிரி செல்சியஸ் ஆதலால் அது அறை வெப்பநிலையில் நீர்மமாகவே இருக்கிறது.
திருத்துவோர் கவனத்திற்கு: இக்கூற்றை "ஓர் உலோகம்கூடத் திண்மம் அன்று" என்றும் படிக்க இடமுண்டு, அவ்வாறு கொண்டு, இரும்பைச் சான்றாகக் காட்டித் "தவறு" என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் வழங்குவதே நியாயம், ஏனெனில் குறை வினாவின் அமைப்பில் உள்ளதேயன்றி அவர் அறிவில் இல்லை. அடுத்த தேர்வில் "உலோகங்களுள் சில திண்மங்கள் அல்ல" என்று மாற்றிவிடலாம்.

6. சீரான திசைவேகத்தில் நேர்கோட்டில் செல்லும் பொருளின்மீது விசை எதுவும் செயல்படவில்லை என்று உறுதியாகக் கூற முடியாது.
விடை: சரி. விசைகள் பல செயல்பட்டாலும் அவை ஒன்றையொன்று ஈடுசெய்து தொகுபயன் விசை சுழியானால் திசைவேகம் மாறாது.

7. சிரைகள் எவையும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டு செல்வதில்லை.
விடை: தவறு. நுரையீரல் சிரைகள் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை இதயத்தின் இடது ஏட்ரியத்திற்குக் கொண்டு சேர்க்கின்றன.

8. நிலவின் ஒரு பக்கம் புவியிலிருந்து தெரியாதிருப்பது நிலவு தன் அச்சில் சுழலாததால் அன்று.
விடை: சரி. நிலவு தன் அச்சில் ஒருமுறை சுழலவும் புவியை ஒருமுறை சுற்றவும் ஒரே காலமாகிய சுமார் 27.3 நாள்களை எடுத்துக்கொள்வதால் ஒரே பக்கத்தை நமக்குக் காட்டுகிறது.
"சுழலாததால்" என்பதோடு நின்றுவிட்டு, இறுதியில் உள்ள "அன்று" என்பதைக் கவனியாமல் "தவறு, நிலவு சுழல்கிறது" என்று எழுதியிருந்தால், காரணத்திற்கு மட்டும் ஒரு மதிப்பெண் தருக.