பிவி படத்துல முக்கோண சைக்கிள்: எஃபிஷியன்சி 28.6 ஆ 26.7 ஆ?

அண்ணா, மாடல் எக்ஸாம் பேப்பர்ல வந்த படத்த அனுப்பியிருக்கேன், படம் மங்கலா இருக்குனா சொல்றேன், செங்குத்தா P, படுக்கையா V. A புள்ளி (V0, P0), அங்கேர்ந்து நேரா மேல B (V0, 3P0), B-லேர்ந்து சாய்வா ஒரு நேர்கோடு C (3V0, P0) வரைக்கும், அப்புறம் C-லேர்ந்து படுக்கையா திரும்ப A. ஒரு மோல் மோனோஅட்டாமிக் ஐடியல் கேஸ், A-ல 300 K. எஃபிஷியன்சி என்ன, ஒவ்வொரு பாதையிலயும் கேஸோட என்ட்ரோபி மாற்றம் என்ன, அதே டெம்பரேச்சர் எல்லைக்குள்ள கார்னோ எஃபிஷியன்சி என்னன்னு கேட்டுருக்காங்க. எனக்கு 2/7, அதாவது 28.6% வருது, கீல 26.7% போட்டுருக்கான். B-லயும் C-லயும் டெம்பரேச்சர் ஒண்ணுதான வருது, அப்ப BC ஐசோதெர்மல் தானே? கீ தப்பா?

தம்பி, கீ சரிதான். BC ஐசோதெர்மல் இல்ல. ரெண்டு முனையிலயும் 900 K தான், ஆனா ஐசோதெர்மல்னா கோடு உள்பக்கமா வளைஞ்சு ஹைப்பர்போலாவா வரணும், படத்துல ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா போகுது பாரு. நடுவுல V = 2V0, P = 2P0, பெருக்குனா 4P0V0, அப்ப அங்க டெம்பரேச்சர் 1200 K. அதாவது 900-ல ஆரம்பிச்சு 1200 வரைக்கும் ஏறி திரும்ப 900-க்கு எறங்குது. கார்னோவுக்கும் இந்த 1200 தான் எடுக்கணும், 1 − 300/1200 = 75%. 900 போட்டு 66.7%னு எழுதுனா மார்க் போச்சு.

வேலை ஈஸி, முக்கோணத்தோட பரப்பு, 2P0V0. AB-ல வால்யூம் மாறல, உள்ள போற ஹீட் (3/2)(2P0V0) = 3P0V0. CA-ல (5/2)(2P0V0) = 5P0V0 வெளிய போகுது. BC-ல உள்சக்தி மாற்றம் ஜீரோ, வேலை 4P0V0, அதனால நிகர ஹீட் 4P0V0, நீ இத அப்படியே உள்ள போன ஹீட்டா எடுத்து 3 + 4 = 7-னு வகுத்துருக்க, சிக்கல் அங்கதான். நிகரம் 4-ங்கறது சரி, ஆனா எஃபிஷியன்சிக்கு கீழ வர்றது நிகரம் இல்ல, உள்ள வந்தது மட்டும். பாதி வழில ஹீட் திசை மாறுது. அத இப்படி கண்டுபிடிக்கலாம், v = V/V0, p = P/P0-னு வெச்சுக்கோ, ஹீட் P0V0 அளவுல:

```
p = 4 - v
dQ = 1.5 d(pv) + p dv
   = (10 - 4v) dv
```

v = 2.5 வரைக்கும் dQ பாசிட்டிவ், அதுக்கப்புறம் நெகட்டிவ். 1-லேர்ந்து 2.5 வரைக்கும் இன்டகிரேட் பண்ணா 4.5 உள்ள வருது, 2.5-லேர்ந்து 3 வரைக்கும் 0.5 வெளிய போகுது, கழிச்சா அதே 4. ஆக மொத்தம் உள்ள வந்தது 3 + 4.5 = 7.5, வெளிய போனது 5 + 0.5 = 5.5, வித்தியாசம் 2, வேலையோட ஒத்துப்போகுது. எஃபிஷியன்சி 2/7.5 = 26.7%.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் v = 2-லேர்ந்து 2.5 வரைக்கும் உள்ள துண்டு, அங்க கேஸ் ஹீட்ட வாங்கிக்கிட்டே குளிருது! வாங்கறத விட அதிகமா வேலை செஞ்சுடுது, அவ்ளோதான், அதனால டெம்பரேச்சர் எறங்குற இடமும் ஹீட் திரும்புற இடமும் ஒண்ணுனு நெனச்சு 2-ல நிறுத்திடாத. ஹீட் திரும்புற புள்ளில ஒரு அடியபாட்டிக் கோடு BC-ய தொட்டுக்கிட்டு போகும், வரைஞ்சு பாத்தா புரியும்.

என்ட்ரோபிக்கு பாதை பத்தி கவலையே வேணாம், முனை ரெண்டும் போதும். AB: 1.5R ln3 = 13.70 J/K. BC-ல டெம்பரேச்சர் முனைக்கு முனை ஒண்ணு, அதனால R ln3 = 9.13 J/K, ஐசோதெர்மல்னு நெனச்சு போட்டாலும் இதே விடை வர்றதால தான் பசங்க ஏமாறுறாங்க. CA: −2.5R ln3 = −22.83 J/K. கூட்டுனா ஜீரோ, வரலனா எங்கயோ கணக்கு தப்பு. என்ட்ரோபி உச்சம் C-ல இல்ல, v = 2.5-ல, ஏன்னா dS-ஓட குறி dQ-ஓட குறி தான்.

கடைசி பிட்ல 1200 K, 300 K ரெண்டே ரிசர்வாயர் மட்டும் வெச்சு ஓட்டுனா பிரபஞ்சத்தோட என்ட்ரோபி எவ்ளோ ஏறும்னு இருக்கு, நீ அத தொடவே இல்ல. P0V0 = 2494 J. சூடான ரிசர்வாயர் இழக்கறது 7.5 × 2494/1200 = 15.59, குளிர்ந்தது வாங்கறது 5.5 × 2494/300 = 45.73. கேஸுக்கு ஜீரோ. ஆக ஒரு சுத்துக்கு +30.14 J/K. 75-க்கும் 26.7-க்கும் நடுவுல விட்ட வேலை எங்க போச்சுனு பாக்கணும்னா 300 × 30.14 = 9042 J போட்டு பாரு, 0.75 × 18707-ல இருந்து 4988 கழிச்சா அதே வரும், ரவுண்டிங்ல ஒண்ணு இங்க அங்க இருக்கும்.