கேரம் விதி அட்டை: தமிழில்

அண்ணா, வணக்கம்.

கிளப்பின் ஆங்கிலக் கேரம் விதி அட்டையைத் தமிழில் எழுத நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களும் கிடைத்தன. முதல் படத்தில் லேமினேஷன் மேல் டியூப்லைட் வெளிச்சம் பட்டிருந்ததால் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமா 18 கிராமா என்று படிக்க முடியவில்லை. இரண்டாவது படத்தில் 15 என்று தெளிவாக இருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட எண்ணை ஊகித்து எழுத எனக்கு மனம் வராது. ஒரு பிள்ளை கூடுதல் எடையுள்ள ஸ்ட்ரைக்கரோடு போட்டிக்குப் போய் நின்றால் அந்தத் தப்பு நம்முடையதாகிவிடும்.

ஆங்கில அட்டையில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றன. காயை ஓரிடத்தில் காயின் என்கிறது, ஓரிடத்தில் பீஸ், இன்னோரிடத்தில் கேரம்மேன். பல வருஷம் ஆடியவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று தெரியும். புதிதாக வந்த பத்து வயதுப் பிள்ளை, இவை வேறு வேறு பொருள்கள் போலிருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடும். அதனால் தமிழில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான் வைத்திருக்கிறேன். நம் கிளப்பில் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லைத்தான் முதலில் தேடினேன். அது குழப்பம் தந்த இடத்தில் மட்டும் வேறு சொல்லுக்குப் போனேன்.

அட்டை இதோ.

கேரம் ஆடும் விதிகள்

சொற்கள்

காய்: வெள்ளை 9, கறுப்பு 9.
ரெட்: நடுவில் வைக்கும் ஒரே சிவப்புக் காய். கீழே ‘காய்’ என்று மட்டும் சொன்னால் அதில் ரெட் சேராது.
அடி: ஸ்ட்ரைக்கரை ஒரு தடவை விரலால் அடிப்பது.
முறை: ஒருவர் தொடர்ந்து அடிக்கும் அடிகள் எல்லாம் சேர்ந்தது.
ஃபாலோ: ரெட்டைப் பாக்கெட்டில் போட்டதும் அடுத்த அடியில் தன் காய் ஒன்றைப் போடுவது.
ஃபைன்: தவறுக்காக, தான் போட்ட காய் ஒன்றைத் திரும்பக் கொடுப்பது.
பாக்கி: கொடுக்கக் காய் இல்லாததால் நிலுவையில் நிற்கும் ஃபைன்.
போர்டு: காய் அடுக்கியதில் தொடங்கி, ஒருவர் தன் காய்களை எல்லாம் போட்டு முடிக்கும் வரை.
கேம்: 25 புள்ளி, அல்லது 8 போர்டு.
மேட்ச்: மூன்று கேம். இரண்டில் வென்றவர் மேட்சை வெல்வார்.
பலகை: ஆடும் மரப் பலகை.

சாமான்கள்

பலகையின் ஆடும் பரப்பு சதுரமாக, பக்கத்துக்கு 73.5 முதல் 74 செ.மீ. வரை இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் வட்டமான பாக்கெட், விட்டம் 4.45 செ.மீ. காய் மரத்தால் ஆனது, விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ., எடை 5 முதல் 5.5 கிராம். ரெட்டுக்கும் இதே அளவுதான். ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பலகை வழுக்கலாக இருக்கப் பவுடர் தூவலாம்.

காய் அடுக்குதல்

ரெட்டை நடு வட்டத்தில் வைக்க வேண்டும். அதை ஒட்டி 6 காய், அந்த ஆறையும் சுற்றி 12 காய். இரண்டு சுற்றிலும் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வர வேண்டும். வெள்ளைக் காய்கள் ரெட்டிலிருந்து மூன்று திசையில் நேர்கோடாகக் கிளம்பி ‘ஒய்’ எழுத்துப் போலத் தெரிய வேண்டும்.

பிரேக்

டாஸ் வென்றவர் முதலில் அடிப்பதையோ உட்காரும் பக்கத்தையோ தேர்ந்தெடுக்கலாம். பிரேக் அடிப்பவருக்கு வெள்ளை, எதிராளிக்குக் கறுப்பு. ஸ்ட்ரைக்கர் ஏதாவது ஒரு காயை லேசாகத் தொட்டாலே பிரேக் ஆனதாகக் கணக்கு. தொடவில்லை என்றால் இன்னும் இரண்டு தடவை முயலலாம். அடுத்தடுத்த போர்டுகளில் இருவரும் மாறி மாறிப் பிரேக் அடிக்க வேண்டும்.

அடிக்கும் விதம்

ஸ்ட்ரைக்கரைத் தன் பக்கத்து இரண்டு கோடுகளையும் தொடும்படி வைக்க வேண்டும். கோட்டின் முனையில் உள்ள சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தால் அதை முழுதாக மூட வேண்டும், இல்லையென்றால் அதைத் தொடவே கூடாது. பாதி மூடி வைக்கக் கூடாது. விரலால் அடிக்க வேண்டும், தள்ளக் கூடாது. ஆடும் பரப்பைக் கை தவிர உடம்பின் வேறு எந்தப் பகுதியும் தொடக் கூடாது. தன் அடியை 15 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும்.

தன் காயைப் போட்டால் முறை தொடரும். எதுவும் விழாவிட்டால் முறை எதிராளிக்குப் போகும். எதிராளியின் காய் மட்டும் விழுந்தால் அது விழுந்ததுதான், வெளியே வராது. முறையும் எதிராளிக்குப் போகும்.

காய் பலகைக்கு வெளியே எகிறினால் அதை நடு வட்டத்தில் வைக்க வேண்டும். ரெட்டும் காயும் சேர்ந்து எகிறினால் நடுவிடம் ரெட்டுக்கு. செங்குத்தாக நிற்கும் காயையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய காய்களையும் அப்படியே விட வேண்டும்.

ஸ்ட்ரைக்கர் விழுந்தால்

ஸ்ட்ரைக்கர் மட்டும் விழுந்தால் ஒரு காய் ஃபைன். முறை போகும்.

ஸ்ட்ரைக்கரும் தன் காயும் சேர்ந்து விழுந்தால் அந்தக் காயும் வெளியே வரும், ஃபைனாக இன்னொரு காயும் வரும். முறை தொடரும்.

ஸ்ட்ரைக்கரும் எதிராளியின் காயும் சேர்ந்து விழுந்தால் எதிராளியின் காய் விழுந்ததுதான். ஒரு காய் ஃபைன். முறை போகும்.

ஃபைன் காயைப் பெரிய வட்டத்துக்குள் எங்கே வைப்பது என்பது எதிராளியின் விருப்பம். காயைப் படுக்கையாகத்தான் வைக்க வேண்டும். ஃபைன் கொடுக்கக் காய் இல்லை என்றால் அது பாக்கி. அடுத்து ஒரு காய் விழுந்ததும் பாக்கி தீர்க்க வேண்டும்.

ரெட்

தன் காய் ஒன்றாவது விழுந்த பிறகுதான் ரெட்டைப் போட்டு ஃபாலோ போட உரிமை உண்டு. ரெட்டைப் போட்டவர் அடுத்த அடியிலேயே ஃபாலோ போட வேண்டும். போடாவிட்டால் ரெட் மீண்டும் நடு வட்டத்துக்கு வரும். ரெட்டும் தன் காயும் ஒரே அடியில் விழுந்தால் ஃபாலோ போட்டதாகவே கணக்கு.

ரெட் பலகையில் இருக்கும்போது தன் கடைசிக் காயைப் போட்டவர் அந்தப் போர்டை இழப்பார். எதிராளியின் கடைசிக் காயைப் போட்டாலும் அப்படியே. இந்தப் போர்டுக்கான புள்ளியை நடுவர் சொல்வார்.

ஃபவுல்

ஸ்ட்ரைக்கரைத் தள்ளுவது, கோட்டில் சரியாக வைக்காமல் அடிப்பது, பலகையில் உள்ள காயைக் கையால் நகர்த்துவது ஆகியவை ஃபவுல். ஃபவுலுக்கு ஒரு காய் ஃபைன். முறை போகும்.

புள்ளிகள்

போர்டை வென்றவருக்கு, எதிராளியின் காய் பலகையில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. ரெட்டுக்கு ஃபாலோ போட்டவரே போர்டையும் வென்றால் கூடுதலாக 3 புள்ளி. போர்டை இழந்தவர் ஃபாலோ போட்டிருந்தால் ரெட்டுக்கு யாருக்கும் புள்ளி இல்லை. கேமில் 22 புள்ளியை எட்டியவருக்கு அதற்குப் பிறகு ரெட்டுக்குப் புள்ளி கிடையாது.

முதலில் 25 புள்ளி எடுத்தவருக்குக் கேம். 8 போர்டு முடிந்தும் யாரும் 25 எடுக்கவில்லை என்றால் அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்குக் கேம். அப்போதும் சமமாக இருந்தால் இன்னும் ஒரு போர்டு ஆட வேண்டும். ஒவ்வொரு கேம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும்.

இரட்டையர்

ஒரே அணியினர் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். அடித்தவரின் வலப்பக்கம் இருப்பவருக்கு முறை போகும்.

அட்டை இத்துடன் முடிகிறது. சில சொற்களை ஏன் அப்படி வைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘ஆட்டம்’தான். நல்ல தமிழ்ச் சொல், முதல் வரைவில் அதைத்தான் எழுதினேன். ஆனால் போர்டும் ஆட்டம், கேமும் ஆட்டம், மேட்சும் ஆட்டம் என்று ஆகி, “8 ஆட்டம் முடிந்தால் ஆட்டம் முடியும், ஆட்டத்துக்கு மூன்று ஆட்டம்” என்று வந்து நின்றது. படித்துப் பார்த்ததும் மூன்றையும் அழித்துவிட்டு, பிள்ளைகள் சொல்லும் போர்டு, கேம், மேட்ச் என்பதற்கே போய்விட்டேன். ஆங்கிலத்தில் போர்டு என்பது மரப் பலகையையும் குறிக்கிறது. அதனால்தான் “பலகையில் மிச்சமுள்ள காய்”, “போர்டை வென்றவர்” என்று இரண்டையும் பிரித்தேன். இனி யாராவது அட்டையைத் திருத்தினால் இந்த இரண்டு சொல்லையும் தயவுசெய்து கலக்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் ஐந்து இடத்தில் குயின், இரண்டு இடத்தில் ரெட் என்று இருந்தது. எல்லாவற்றையும் ரெட் ஆக்கினேன். அங்கே கவர் என்று இருப்பதுதான் நம்முடைய ஃபாலோ. ஆனால் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் நடுவர் குயின், கவர் என்றுதான் சொல்வார். இதை வாய்ச்சொல்லாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கஸீமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து நம் வடசென்னைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த மேடையில்தான் கண். அங்கே போய் ஒரு சொல் தெரியாமல் அவர்கள் விழிக்கக் கூடாது.

டியூ, பெனால்ட்டி என்று அட்டை இரண்டு சொல்லை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. கொடுக்க வேண்டியது ஃபைன், கொடுக்க முடியாமல் நிற்பது பாக்கி என்று பிரித்துவிட்டேன்.

‘போடுவது’, ‘விழுவது’ இரண்டையும் வேண்டுமென்றேதான் தனித்தனியாக வைத்தேன். தன் காயை ஒருவர் போடுகிறார். ஸ்ட்ரைக்கரோ எதிராளியின் காயோ பெரும்பாலும் தானாகத்தான் விழுகிறது. எதிராளியின் கடைசிக் காய் விஷயத்தில் மட்டும் ‘போட்டாலும்’ என்று எழுதினேன், தவறு அடித்தவருடையது என்பது அங்கே அழுத்தமாகத் தெரிய வேண்டும். ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘லாம்’ மூன்றும் ஆங்கிலத்தில் இருந்த அதே இடத்தில் இருக்கின்றன. பவுடர் தூவலாம் என்பதைத் தூவ வேண்டும் என்று மாற்றினால் அது வேறு விதி.

கடைசிக் காய்க்கு எத்தனை புள்ளி என்பதை நடுவரிடம் விட்டிருப்பது ஆங்கில அட்டைதான். நானாக எதையும் சேர்க்கவில்லை. 22 புள்ளி விதியைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அட்டையில் உதாரணம் இல்லாததால் அதற்குள் போடாமல் இங்கே தருகிறேன்: 21 புள்ளியில் இருப்பவர் ரெட்டுக்கு ஃபாலோ போட்டுப் போர்டை வெல்கிறார், எதிராளிக்கு ஒரு காய் மிச்சம் என்றால் 1 + 3, மொத்தம் 25, கேம் முடிந்தது. அவரே 22-இல் இருந்தால் அதே போர்டில் 1 மட்டும்தான், 23-இல் நிற்பார்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ‘ஸ்ட்ரைக்கர் விழுந்தால்’ பகுதியில் மூன்று பத்திகளையும் தனித்தனியாகவே விடச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்று கடைக்காரர் சேர்த்துவிட்டால் முறை எங்கே தொடரும், எங்கே போகும் என்பது கண்ணுக்குப் படாது. லேமினேஷனும் பளபளப்பு இல்லாத தாளில் போட்டால் நல்லது அண்ணா, டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தும் படிக்கலாம்.