இருவாச்சி ஆராய்ச்சி பண்ணின மேடத்துக்கு ரிட்டயர்மென்ட் கிஃப்ட்: டபுள் எக்ஸ்போஷர் போர்ட்ரெய்ட் ப்ராம்ட்

ஒரு டபுள் எக்ஸ்போஷர் போர்ட்ரெய்ட் வேணும். அறுபது வயசு அம்மா ஒருத்தங்களோட பக்கவாட்டு முகமும் ஒரு பசுமைமாறாக் காடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா கலந்து இருக்கணும். இவங்க வாழ்க்கை முழுக்க காட்டுல இருவாச்சி பறவைங்களோட கூட்டைத் தேடி நடந்தவங்க, அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாங்க, கூட வேலை பார்த்த நாங்க எல்லாரும் சேர்ந்து பிரேம் போட்டுக் கொடுக்கப்போறோம். அதனால அழகா ஒரு பொண்ணு, அழகா ஒரு காடுன்னு பொதுவா வந்தா போதாது, பார்த்ததும் இது அவங்கதான்னு தெரியணும்.

முகம் இடது பக்கம் பார்த்த முழு ப்ரொஃபைல். தலை உச்சியில இருந்து தோள்பட்டை வரைக்கும், 85 எம்எம் லென்ஸ்ல எடுத்த மாதிரி, மூக்கு நாடி எதுவும் இழுபடாம. மாநிறத்துக்கும் கொஞ்சம் கருப்பான தோல், அதை ஒரு துளிகூட வெளுப்பாக்கக் கூடாது. கண்ணோரச் சுருக்கம், வாயோரக் கோடு, கழுத்து மடிப்பு எல்லாம் அப்படியே இருக்கணும், ஸ்கின் ஸ்மூத்திங் வேண்டவே வேண்டாம், வெயில்ல நடந்த முகம் அது. பாதி நரைச்ச முடி, பின்னாடி தளர்வா போட்ட கொண்டை, கழுத்துப் பக்கம் ரெண்டு மூணு இழை தனியா பிரிஞ்சு தொங்கணும். மெல்லிய ஃப்ரேம் கண்ணாடி. முகத்துல சிரிப்பு கிடையாது, சோகமும் கிடையாது, தூரத்துல ஏதோ சத்தம் கேட்டு அது என்ன பறவைன்னு கவனிக்கிற முகம், கண்ணு லேசா மேல நோக்கி, உதடு மூடியிருக்கணும்.

லைட் முழுக்க பின்னாடி இருந்து. பேக்கிரவுண்ட் ஓவர் எக்ஸ்போஸ் ஆகி கிட்டத்தட்ட வெள்ளையா போயிடணும், ஆனா சுத்த வெள்ளை வேண்டாம், பழைய பேப்பர் மாதிரி லேசான க்ரீம். உருவம் அந்த வெளிச்சத்துக்கு முன்னாடி இருட்டா நிக்கணும். ஃபிலிம்ல ஒரே பிரேம்ல ரெண்டு தடவை எக்ஸ்போஸ் பண்ணும்போது முதல் படத்துல இருட்டா இருந்த இடத்துலதான் ரெண்டாவது படம் தெளிவா பதியும், வெள்ளையா எரிஞ்ச இடத்துல எதுவும் தெரியாது. இங்கயும் அந்த லாஜிக் அப்படியே வேணும். காடு உருவத்துக்கு உள்ள மட்டும்தான் தெரியணும், வெளிய பேக்கிரவுண்ட்ல மரம் மிதக்கக் கூடாது. ஸ்க்ரீன் பிளெண்ட் மாதிரி ரெண்டு வெளிச்சமும் கூடிக் கலக்கணும், ஒரு போட்டோ மேல இன்னொண்ண ஒட்டி ஒபாசிட்டி குறைச்ச மாதிரி சாம்பல் பூத்து வரக்கூடாது:

```
1 - (1 - a) * (1 - b)
```

காடு மூணு அடுக்கு. கீழ தோள்பட்டையில தரையோட இருட்டு, பலகை மாதிரி விரிஞ்ச பெரிய வேர்கள், பாசி, ஈர இலைச் சருகு. கழுத்துல இருந்து கன்னம் வரைக்கும் நேரா ஏறுற அடிமரங்கள், அதுல சுத்தின கொடிகள், பின்னாடி போகப் போக மூடுபனியில ஒவ்வொரு வரிசை மரமும் முன்னாடி இருக்குறதைவிட வெளுத்துக்கிட்டே போகணும், அப்பதான் தலைக்குள்ள ஆழம் வரும். நெத்திக்கு மேல மர உச்சிகளும் அதுக்கு நடுவுல வானமும். அந்த வானம் பேக்கிரவுண்ட் மாதிரியே வெள்ளை, அதனால உச்சந்தலையில தலையோட எல்லைக்கோடு கரைஞ்சு போயிடணும், எங்க முடி முடியுது எங்க கிளை ஆரம்பிக்குதுன்னு பிரிக்க முடியாம இலைகளே தலையோட அவுட்லைனா நிக்கணும். கொண்டையில மட்டும் முடியோட சுருளும் கொடியோட சுருளும் ஒரே திசையில ஓடணும்.

ஆனா முன்பக்கம் கரையவே கூடாது. நெத்தி, மூக்கு, உதடு, நாடி இந்த ஒரு கோடு கத்தி மாதிரி ஷார்ப்பா இருக்கணும், ஆள் யாருன்னு சொல்றது அந்தக் கோடுதான். அதுக்கு ஒட்டி உள்பக்கம் வெளிச்சமான எதையும் வைக்காம அடர்த்தியான இருட்டு மரங்களை வைக்கணும், வானம் அங்க வந்தா மூக்கே காணாமப் போயிடும். கண்ணு, புருவம், கண்ணாடி, வாய் இருக்குற பகுதியில முகம்தான் மேலோங்கி நிக்கணும், காடு லேசான பனி அளவுக்குத்தான். காதைத் தாண்டி பின்னாடி போகப் போக காடு மேலோங்கி முகம் பின்வாங்கணும். கண்ணு மேல கிளையோ இலையோ குறுக்கால போகக்கூடாது. கண்ணாடி லென்ஸ்ல மட்டும் ஒரு சின்ன மர உச்சியோட பிரதிபலிப்பு இருந்தா சந்தோஷம்.

இப்ப முக்கியமான விஷயம். காது இருக்குற இடத்துல ஒரு பருத்த பழைய மரம் வரணும், அதுல செங்குத்தா ஒரு பொந்து, பொந்தோட வாய் மண்ணும் எச்சமும் பூசி அடைச்சு நடுவுல ஒரு மெல்லிய பிளவு மட்டும் விட்டது. பெரிய இருவாச்சியில பெட்டை முட்டையிடும்போது உள்ள போய் இப்படி தன்னைத்தானே அடைச்சுக்கும், ஆண்தான் பழத்தைக் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியா ஒண்ணொண்ணா ஊட்டும். அந்த ஆண் பறவை மரத்தைப் பிடிச்சு நிக்கணும், அலகு நுனியில ஒரு அத்திப்பழம், பிளவுக்குள்ள இருந்து பெட்டையோட அலகு நுனி மட்டும் வெளிய தெரியணும். ஆணுக்கு சிவப்புக் கண்ணு, வளைஞ்ச பெரிய மஞ்சள் அலகு, அது மேல கொண்டை மாதிரி இருக்குற மஞ்சள் புடைப்பு, கருப்பு இறக்கையில வெள்ளைப் பட்டை, வெள்ளை வாலுக்குக் குறுக்க ஒரு கருப்புப் பட்டை. டூகான் மாதிரி வரக்கூடாது, அது வேற குடும்பம், மேடம் பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. பறவை சின்னதாத்தான் இருக்கணும், காது அளவுக்கு, முதல்ல முகம் தெரிஞ்சு அப்புறமா கண்ணு அங்க போய் நிக்கிற மாதிரி.

கலர் ரொம்ப அடக்கம். சாம்பல் கலந்த பச்சை, நிழல்ல லேசா பழுப்பு, அவ்வளவுதான். படத்துலயே ஒரே ஒரு இடத்துலதான் கலர் பளிச்சுன்னு இருக்கணும், அது அந்த அலகோட மஞ்சள். லேசான ஃபிலிம் கிரெயின் இருக்கலாம். பெயிண்டிங் மாதிரி, வெக்டர் மாதிரி வேண்டாம், போட்டோவாத்தான் வேணும்.

உருவம் பிரேம்ல கொஞ்சம் வலது பக்கம் தள்ளி இருக்கணும், முகத்துக்கு முன்னாடி இடது பக்கம் காலி இடம், தலைக்கு மேலயும் மூச்சு விட இடம். தோள்பட்டைக்குக் கீழ கத்திரிச்ச மாதிரி நேர்கோட்டுல முடியாம பனியில மங்கி முடியணும். 16க்கு 24 இன்ச் பிரிண்ட், 300 டிபிஐ, அதாவது 4800க்கு 7200 பிக்சல், செங்குத்தா.

இதே சைஸ்ல ஜோடியா இன்னொண்ணும் வேணும், கடைசி சில வருஷம் சிட்டியில ஆபீஸ்ல உட்கார்ந்து அந்தக் காட்டுக்காக ஃபைலோட போராடினாங்க, அதையும் விட மனசில்ல. அதே ஆள், அதே முடி, அதே கண்ணாடி, ஆனா வலது பக்கம் பார்த்து, ரெண்டு பிரேமையும் பக்கத்துல மாட்டினா முதுகோட முதுகு சேர்ற மாதிரி. காட்டுக்கு பதிலா விடியக்காலை நகரம், கழுத்துல ரோடும் வண்டி வெளிச்சமும், கன்னத்துல ஜன்னல் வரிசைகள், உச்சந்தலையில கட்டடங்களோட உயரம் ஏறி இறங்குறதே தலையோட கோடு. பேர் தெரியுற எந்த பிரபல கட்டடமும் வேண்டாம். காது இருக்குற இடத்துல ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் மஞ்சள் லைட் எரியணும், அலகுல இருந்த அதே மஞ்சள்.

ரெண்டு படத்துலயும் வரக்கூடாதது: ரெண்டாவது முகம், கூடுதல் கண்ணு, சிதைஞ்ச காது, கண்ணாடி இல்லாத முகம், பளபள தோல், எழுத்து, கையெழுத்து, வாட்டர்மார்க், பார்டர், பறக்குற பறவைக் கூட்டம், மான், நிலா.

```
--ar 2:3 --no text, watermark, border, extra face, toucan, moon
```