நவம்பர் வீடியோ திட்டம்: வாடிக்கையாளர் கேட்டவையே தலைப்புகள்

அண்ணா,

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை நம் பாத்திரக்கடை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மெசேஜ், யூடியூப் கமெண்ட் மூன்றையும் படித்து, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரு ஷீட்டில் போட்டிருக்கிறேன். ஒரே ஆள் நாலு தடவை கேட்டிருந்தால் அதை ஒன்றாகத்தான் எண்ணினேன். குறைந்தது 5 பேர் கேட்டவை மட்டுமே கீழே உள்ளன. வாரத்துக்கு 3 என்று 12 வீடியோ வருகிறது. அதற்கு மேல் மயிலாப்பூர் கடையையும் பார்த்துக்கொண்டு நம்மால் எடுக்க முடியாது.

விலை, கேஷ் ஆன் டெலிவரி, 'கடை எங்கே' ஆகியவைதான் எண்ணிக்கையில் முதலிடம். ஆனால் அவற்றுக்கு வீடியோ வேண்டாம். பதிலை எழுதி, மேலேயே தெரியும்படி பின் பண்ணி வைத்தால் போதும். வழி காட்டும் வீடியோ எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள், ஆனால் மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் வழி மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று எடுத்தது அடுத்த மாதம் ஆளைச் சுற்ற விடும். லொகேஷன் அனுப்பிவிடுகிறேன்.

தலைப்புகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே வைத்திருக்கிறேன். 'வார்ப்பிரும்பு பராமரிப்பு' என்று யாரும் தேடுவதில்லை, 'தோசை ஒட்டுது' என்றுதான் தேடுகிறார்கள்.

முதல் வாரம்: ஒட்டுவது

1. "புதுக் கல், முதல் தோசையே பிய்ஞ்சு வருது"
2. "நல்லா வந்துட்டிருந்த கல்லு திடீர்னு ஒட்டுது"
3. "பழக்கின கல்லுன்னு சொல்லி வித்தீங்க, அப்புறம் நான் ஏன் பழக்கணும்?"

ஷீட்டில் 1, 2 இரண்டும் ஒரே வரியில்தான் இருந்தன. மெசேஜ்களை முழுதாகப் படித்தபோதுதான் பிரித்தேன். புதுக் கல்காரர்கள் பெரும்பாலும் சூட்டில் தடுமாறுகிறார்கள்: கல் காயும் முன்பே மாவை ஊற்றுகிறார்கள், இல்லையென்றால் புகை வரும்வரை விட்டுவிட்டு ஊற்றுகிறார்கள். தண்ணீர் தெளித்துப் பார்ப்பது, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது, மாவு ஊற்றும்போது தீயைக் குறைப்பது ஆகிய மூன்றையும் அம்மா செய்து காட்டினால் போதும். பேச்சு குறைவாக, கை அதிகமாக.

இரண்டாம் கூட்டத்தின் கதை வேறு. "இடையில் அதே கல்லில் சப்பாத்தி போட்டீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்டதற்கு நிறையப் பேர் "ஆமா" என்றார்கள். எண்ணெயில்லாமல் நெடுநேரம் காய்ந்ததில் மேல்பூச்சு கருகிவிடுகிறது. இந்த வீடியோவில் அம்மா ஒட்டாத தோசையைக் காட்டி ஆரம்பிக்க வேண்டாம். ஒட்டுகிற கல்லில் ஆரம்பித்து, எண்ணெயை மெல்லியதாகத் தடவி, துடைத்து, காயவைத்து, மறுபடியும் தடவி, கடைசியில் தோசை எழும்பி வருவது வரை ஒரே வீடியோவில் இருக்கட்டும்.

மூன்றாவது கொஞ்சம் கோபமான கேள்வி. அதனாலேயே எடுக்க வேண்டும் என்கிறேன். எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்வதுதான் பழக்குவது. நாம் கொடுப்பது முதல் சில பூச்சு, மீதி அவர்கள் வீட்டு அடுப்பில்தான் ஏறும். கல்லாவில் உட்கார்ந்தபடி நீங்களே இதைச் சொன்னால் நல்லது.

இரண்டாம் வாரம்: மழை

4. "கழுவி வெச்சேன், காலையில துரு"
5. "துணியில துடைச்சா கருப்பா வருது, உடம்புக்கு ஆகுமா?"
6. "வார்ப்பிரும்பு வாங்கவா, தகடு வாங்கவா?"

துரு கேள்வி ஆகஸ்டில் எப்போதாவது வந்தது, மழை தொடங்கிய பிறகு தினமும் வருகிறது. நவம்பரில் இன்னும் கூடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து வாடிக்கையாளர்களுக்குக் கடல் காற்றும் சேர்ந்துகொள்கிறது. நாலாவதை மாதத்தின் முதல் மழை நாளிலேயே போட்டுவிடலாம், வரிசை மாறினாலும் பரவாயில்லை. கழுவியதும் துணியால் துடைப்பது போதாது, அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டிவிட்டுத்தான் எண்ணெய் தடவ வேண்டும். பலர் விடுவது அந்த இடத்தைத்தான்.

ஐந்தில் ஒரு எச்சரிக்கை. இதே கமெண்டுகளில் "இரும்புக் கல்லில் சாப்பிட்டால் ரத்தசோகை போகுமா" என்றும் கேட்கிறார்கள். புளிப்பான உணவில் கொஞ்சம் இரும்பு இறங்கும், அவ்வளவுதான் சொல்லலாம். சோகைக்கு டாக்டரைப் பாருங்கள் என்று முடித்துவிடுவோம். மருந்துக்கடை மாதிரி பேச ஆரம்பித்தால் நம்மால் சமாளிக்க முடியாது.

ஆறாவது சுலபம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எடை போட்டுக் காட்டுவது, எது சூட்டைப் பிடித்து வைக்கும், எது கீழே விழுந்தால் உடையும், எது நெளியும் என்று சொல்வது.

மூன்றாம் வாரம்: வாங்கும் முன்

7. "இன்டக்‌ஷன்ல வைக்கலாமா?"
8. "பார்சல்ல உடைஞ்சு வந்தா?"
9. "சோப்பு போடலாமா?"

இன்டக்‌ஷனுக்கு ஒரே வீடியோவில் எல்லாப் பாத்திரத்தையும் முடித்துவிடலாம். அடிப்பகுதி தட்டையாக இருந்தால் இரும்புக் கல்லும் வாணலியும் ஏறும். கல்சட்டி ஏறாது, பித்தளையும் ஏறாது. இரும்பையும் எடுத்தவுடன் முழுச் சூட்டில் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்து, ஏற்காதபோது அடுப்பு கத்துவதையும் பதிவு செய்யலாம்.

எட்டுக்கு, நம் பையன் பேக் செய்வதை அப்படியே எடுத்தால் போதும். வசனமே வேண்டாம், உடைந்து வந்தால் என்ன செய்வோம் என்பதைக் கடைசியில் நீங்கள் ஒரு வரியில் சொல்லுங்கள். சோப்பு வீடியோ அரை நிமிடம்: கொஞ்சம் போடலாம், ராத்திரி முழுக்க ஊற வைக்கக் கூடாது.

நாலாம் வாரம்: கல்சட்டி, ஈயச்சொம்பு

10. "கல்சட்டியை எத்தனை நாள் பழக்கணும்?"
11. "அடுப்பை அணைச்சும் குழம்பு கொதிக்குதே!"
12. "ஈயச்சொம்பு உருகிடுமா?"

பத்துக்கு அம்மாவின் முறையையே எடுப்போம்: மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி வைப்பது, பிறகு சூடான வடிகஞ்சி, அதற்கப்புறம்தான் சின்னத் தீ. இது சில நாள் வேலை. அதனால் நவம்பர் முதல் வாரத்திலேயே புதுச் சட்டியில் ஆரம்பித்து, தினமும் ஒரு துண்டு எடுத்து வைக்க வேண்டும்.

பதினொன்று கேள்வியே இல்லை, ஆச்சரியம். ஆனால் மாக்கல் சூட்டை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதை வத்தக்குழம்பு கொதிப்பதைக் காட்டிச் சொன்னால், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு அதுவே பதில்.

ஈயச்சொம்பு கேள்வியில் இரண்டு பயம் இருக்கிறது. உருகும் பயத்துக்குப் பதில் தெரியும்: வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியை விட்டு அதிகம் ஏறாது. காலியாக வைத்தாலோ, தீ ரசத்தின் மட்டத்துக்கு மேலே பக்கவாட்டில் ஏறினாலோ போச்சு. இன்னொரு பயம், காரீயம் கலந்திருக்குமோ என்பது. அது நியாயமான பயம். நம் சொம்பில் இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொல்ல நான் தயாரில்லை. லேபில் சோதனைக்குக் கொடுத்ததன் ரிப்போர்ட் கையில் வந்தால் அதைக் காட்டி எடுப்போம். வராவிட்டால் 12 இந்த மாதம் இல்லை, அந்த இடத்தில் "தோசைக்கல் எத்தனை இன்ச் வாங்கணும்?" போகும்.

பொங்கல் பானை, பித்தளைக்கு ஈயம் பூசுவது பற்றியும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவற்றை டிசம்பருக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு வீடியோவும் ஏறியதும், அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நானே லிங்க் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு மறுபடி ஏதாவது கேட்டால், எந்த இடத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

உங்களிடமிருந்து வேண்டியது: ஒட்டுகிற பழைய கல் ஒன்று (வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது குடோனில் இருக்கும்), புதுக் கல்சட்டி ஒன்று, லேபுக்குப் போன் செய்து ரிப்போர்ட் எப்போது வரும் என்பது. அம்மாவுக்கு ஞாயிறு காலை வசதிப்படுமா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். முதல் இரண்டையும் ஒரே மாவில் முடித்துவிடலாம்.