செந்தில் அண்ணாவுக்கு: ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பற்றி

செந்தில் அண்ணா,

வணக்கம். நல்லா இருக்கீங்களா? அவிநாசி பக்கம் புது யூனிட்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று போன மாதமே காதில் விழுந்தது. நேற்று நம் பழைய ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் கியூசி மேனேஜர் தேவை என்று உங்கள் விளம்பரமும் வந்தது. வாழ்த்துகள். நைட் பேக்கிங் ஓடும்போது மெர்ச்சண்டைசர் சீட்டில் உட்காராமல் பெட்டி பக்கத்திலேயே நின்ற ஆளுக்கு யூனிட் கொடுத்திருக்கிறார்கள், சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

அந்த வேலைக்கு நான் அப்ளை செய்யவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியை விட்ட பிறகு தனியாகத்தான் இன்ஸ்பெக்‌ஷன் எடுத்துச் செய்கிறேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது, திரும்ப மாதச் சம்பளத்துக்கு வரும் எண்ணம் இல்லை. நீங்கள் ஆள் எடுக்கும் இந்த நேரத்தில் நான் என்ன வேலை செய்கிறேன், எவ்வளவு வாங்குகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் விளம்பரத்தில் ஃபேப்ரிக், இன்லைன், ஃபைனல், பையர் ஆடிட் எல்லாம் ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. திருப்பூரில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் காலையில் டையிங்கில் இருந்து வந்த துணியைப் பார்த்து, மதியம் லைனில் நின்று, சாயங்காலம் பேக்கிங்கில் பீஸ் இழுத்துப் பார்க்கும்போது, அவர் செக் பண்ணுவது காலையில் அவரே ஓகே சொன்ன துணியை. அங்கே ஒரு தப்பு இருந்தால் அவர் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது. அதுவும் இல்லாமல் ஷிப்மெண்ட் தேதி நெருங்கிவிட்டால், புரொடக்‌ஷன் மேனேஜரும் அவரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள். ஃபெயில் என்று எழுதக் கை வராது. நீங்கள் எடுக்கப் போகும் ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதுதான் நிலைமை.

என் வேலை அந்த இடத்தில் வருகிறது. பையரின் ஆளோ மூன்றாம் தரப்பு ஏஜென்சியோ ஃபைனலுக்கு வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், அவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அதே மாதிரி நான் வந்து பார்த்துவிடுகிறேன். ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணை, ஜெனரல் லெவல் 2, மேஜருக்கு ஏக்யூஎல் 2.5, மைனருக்கு 4.0. உங்கள் பையர் வேறு கணக்கு வைத்திருந்தால் அவர் மேனுவல்படி. 5,400 பீஸ் ஆர்டர் என்றால் 200 பீஸ் எடுப்பேன், மேஜர் 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். கிரிட்டிக்கல் ஒன்று வந்தாலும் ஃபெயில்தான். இது உங்களுக்குப் புதுசில்லை. பீஸை எப்படி எடுக்கிறேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேக்கிங் மாஸ்டர் முன்னால் எடுத்து வைக்கும் பெட்டியை நான் தொடுவதில்லை. பேக்கிங் லிஸ்ட்டை வாங்கி, மொத்தப் பெட்டிக்கு வர்க்கமூலம் போட்டு, 150 பெட்டி இருந்தால் 13 பெட்டி, நம்பரை நானே குறித்துக் கொடுப்பேன். சுவரோரமாக அடியில் இருக்கும் பெட்டி அதில் கட்டாயம் இருக்கும். அதை இறக்க ஆள் வேண்டும், பேக்கிங்கில் முணுமுணுப்பார்கள், அதை நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, மெஷர்மெண்ட். அயர்ன் டேபிளில் இருந்து சூடாக வந்த பீஸை அளந்து ரிப்போர்ட் எழுதுவதில்லை. லைக்ரா கலந்த துணியில் அயர்ன் மாஸ்டர் ஸ்டீம் அடிக்கும்போது ஸ்பெக்குக்கு ஏற்ப இழுத்து வைத்துவிடுகிறார், டேப் வைத்தால் இன்சீம் மிகச் சரியாக இருக்கும். ராத்திரி முழுக்கப் பாலிபேக்கில் கிடந்த பீஸைக் காலையில் பிரித்து அளந்தால் டாலரன்ஸைத் தாண்டிக் குறைந்திருக்கும். போன சீசனில் ஒரு கம்பெனியில் லெக்கிங்ஸ் ஆர்டரில் இதேதான். எட்டு வயது சைஸில் மட்டும் இன்சீம் குறைந்தது, மற்ற சைஸ் எல்லாம் சரி. கட்டிங்கில் போய்க் கேட்டால் அந்த சைஸுக்கு மட்டும் துணி பத்தாமல் கடைசியாக ரோல் வந்திருக்கிறது, ரிலாக்ஸ் ஆக விடாமல் அன்றைக்கே லே போட்டு வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் பையரிடம் முன்னாலேயே பேசி அந்த ஒரு சைஸுக்குத் தனி அனுமதி வாங்கினார்கள், மீதி பெட்டிகள் சொன்ன தேதியில் தூத்துக்குடிக்குப் போய்விட்டன. ஏஜென்சி வந்து கண்டுபிடித்திருந்தால் ஆர்டர் மொத்தமும் நின்றிருக்கும், ரீ-இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜும் கம்பெனி தலையில்தான் விழுந்திருக்கும்.

நீங்கள் குழந்தைகள் துணிதான் அதிகம் செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் நான் கூடுதலாகப் பார்ப்பது சில உண்டு. கழுத்து ரிப்பை இழுத்துப் பார்த்து மினிமம் நெக் ஸ்ட்ரெச் வருகிறதா என்பது (தலை நுழையாத டி-ஷர்ட்டுக்கு மற்ற அளவெல்லாம் சரியாக இருந்து என்ன பயன்), ஸ்னாப் பட்டன் பிடிமானம், கழுத்தில் கயிறு ஏதாவது இருக்கிறதா, உடைந்த ஊசி ரிஜிஸ்டரில் எல்லாத் துண்டும் ஒட்டியிருக்கிறதா, நீடில் டிடெக்டரை ஷிஃப்ட் ஆரம்பத்தில் டெஸ்ட் பீஸ் போட்டுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா. ரிஜிஸ்டரில் ஒரு மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவேன்.

துணி வேலையும் எடுக்கிறேன். காம்பாக்டிங் முடிந்து வந்ததும் கட்டிங்குக்குப் போகும் முன் ரோல் செக்கிங், ஃபோர் பாயிண்ட் சிஸ்டம், 100 சதுர கெஜத்துக்கு 40 பாயிண்ட் தாண்டினால் தள்ளிவைப்பது. ஜிஎஸ்எம் கட்டர் என்னிடமே இருக்கிறது, எடை மெஷினும் கொண்டுவருவேன். வாஷ் பண்ணி ஷ்ரிங்கேஜும் ஸ்பைராலிட்டியும் எடுத்துக் கொடுப்பேன், அதற்கு மட்டும் உங்கள் இடத்தில் வாஷிங் மெஷின் வேண்டும். லைட் பாக்ஸ் உங்களிடம் இருந்தால் ஷேடை டி65, டிஎல்84 இரண்டிலும் பார்த்து ரோல் வாரியாகப் பிரித்துத் தருவேன். லேப் ரிப்போர்ட் தேவைப்படும் டெஸ்ட் எதையும் நான் செய்வதில்லை, அது லேபுக்குத்தான் போக வேண்டும்.

ரேட் இதுதான்: ப்ரீ-ஃபைனல் ஒரு நாளைக்கு 4,000 ரூபாய், ஒரு ஆர்டர் ஒரு நாளில் முடியும். ஃபேப்ரிக் செக்கிங் நாளுக்கு 3,000. திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் சுற்று வட்டாரத்துக்குப் போக்குவரத்துச் செலவு தனியாகக் கேட்பதில்லை, ஈரோடு, கோயம்புத்தூர் என்றால் வண்டி வாடகை சேர்த்து. ரிப்போர்ட் அன்றைக்கு ராத்திரிக்குள் போட்டோவோடு மெயிலில் வந்துவிடும். என் வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு இல்லை, பில் என் பெயரில் கொடுப்பேன், டிடிஎஸ் பிடிக்க வேண்டி வந்தால் பிடித்துக்கொள்ளலாம். பணம் பில் தேதியில் இருந்து 15 நாள். 60 நாள், 90 நாள் கிரெடிட்டுக்கு வேலை செய்வதில்லை, ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தே அந்த முடிவு.

சில விஷயங்களில் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். நான் ப்ரீ-ஃபைனல் பார்த்த ஆர்டரில் பையர் சார்பாகவும் போய் உட்கார மாட்டேன், யார் கேட்டாலும் சரி. ஒரு கம்பெனியின் பையர் பெயர், ஸ்டைல், போட்டோ எதுவும் இன்னொரு கம்பெனிக்குப் போகாது. ரிப்போர்ட்டை ஃபெயிலில் இருந்து பாஸுக்கு மாற்றித் தரச் சொன்னால் தர மாட்டேன். ரீ-செக் பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள், வந்து மறுபடி பார்த்து இன்னொரு ரிப்போர்ட் தருகிறேன், அதற்குப் பாதி ரேட்.

இதனால்தான் பழைய பழக்கத்தை வைத்து எனக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்பதில் எனக்கு இஷ்டமில்லை. பழக்கத்துக்காக என்னைக் கூப்பிட்டீர்கள் என்றால், என்றைக்காவது உங்கள் ஆர்டருக்கு நான் ஃபெயில் எழுதும்போது இரண்டு பேருக்கும் சங்கடம். வேலைக்கு ஆகும் என்று தோன்றினால் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் இந்த மெயிலுக்குப் பதில்கூடப் போட வேண்டாம், நான் ஃபாலோ-அப் பண்ணி நச்சரிக்க மாட்டேன். உங்கள் ஓனரிடம் சொல்லி வையுங்கள், வேறு யாருக்காவது நம்பர் கொடுங்கள் என்றெல்லாமும் கேட்கவில்லை.

நீங்கள் கியூசி மேனேஜரை எடுத்துவிட்ட பிறகுகூட இது அவருக்குப் போட்டியாக வராது. நான் வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் அந்த மேனேஜரேதான் என்னைக் கூப்பிடுகிறார், புது பையரின் முதல் ஆர்டருக்கும், வெளி யூனிட்டில் தைத்து வரும் ஆர்டருக்கும். அவர் வந்து சேர இரண்டு மாதம் ஆகும் என்றால், அதுவரை நடுவில் போகும் ஷிப்மெண்டை மட்டும் பார்க்கவும் முடியும். இப்போது செவ்வாயும் வியாழனும் பெருமாநல்லூரில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறேன், மற்ற நாட்களுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். ஞாயிறு வருவதில்லை.

ஒரு ப்ரீ-ஃபைனல் ரிப்போர்ட்டை இதோடு இணைத்திருக்கிறேன், கம்பெனி பெயரும் பையர் பெயரும் எடுத்துவிட்டேன், அவர்களிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன். நாலாம் பக்கத்தில் மெஷர்மெண்ட் ஷீட்டைப் பாருங்கள், அயர்ன் முடிந்ததும் எடுத்த அளவுக்கு ஒரு கட்டம், மறுநாள் காலை எடுத்த அளவுக்கு ஒரு கட்டம் என்று இரண்டு வைத்திருக்கிறேன். என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அந்த ஷீட்டை உங்கள் ஆட்களுக்குக் கொடுத்து அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

என் நம்பர் பழையதுதான். பகலில் செக்கிங் டேபிளில் இருந்தால் எடுக்க மாட்டேன், மெசேஜ் போட்டுவிட்டால் சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன். அண்ணியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுமதி