படுக்கையில் இருப்பவரைத் திருப்புதல், ஊட்டுதல், குளிப்பாட்டுதல்: வீட்டில் பராமரிப்போருக்கான பயிற்சிக் குறிப்பு

திருவட்டாறு, குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கு இரண்டு சனிக்கிழமைகளாக நூலகக் கட்டடத்தில் பயிற்சி அளித்து வருகிறோம். வந்தவர்கள் கேட்டுக்கொண்டதற்காகவும், நோயாளியைத் தனியே விட்டு வர இயலாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கட்டிலுக்கு அருகில் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

நான் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். என் மாமியார் பக்கவாதத்தால் படுத்தபோது, பகல் முழுதும் வார்டில் மற்றவர்களைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்த நான், வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்ட என் நாத்தனாருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தால் தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். பத்து நாளுக்குள் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே புண் வந்தது. அது ஆறுவதற்கு நான்கு மாதங்கள் ஆயின. அன்பில் நாத்தனார் ஒரு குறையும் வைக்கவில்லை. நோயாளி கீழே சரியும்போதெல்லாம் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்தார், அவ்வளவுதான். அந்த இழுப்பில்தான் தோல் உள்ளிருந்து கிழிந்தது. ஆகவே மூன்று வேலைகளில் திருப்புவதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதியிருக்கிறேன்.

திருப்புதல்

ஒரே பக்கமாகக் கிடக்கும்போது எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் சிக்கிய தசையில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. நாமாக இருந்தால் தூக்கத்திலும் புரண்டுகொள்வோம், அவரால் அது முடியாது. பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பதே நாங்கள் கற்ற கணக்கு. காற்று மெத்தை இருந்தாலும் திருப்பாமல் விடக்கூடாது. அது உதவிக்கு மட்டுமே. இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று முறைவைத்து, நேரத்தை ஒரு தாளில் குறித்துவையுங்கள். அதிகாலையில் ரப்பர் பால்வெட்டப் போகும் வீடுகளில், புறப்படுவதற்கு முன் ஒருமுறை திருப்பிவிட்டு, அடுத்த முறை யார் பொறுப்பு என்பதை முந்தின இரவே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

பழைய இரட்டை வேட்டி ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வரும்படி நோயாளியின் அடியில் நிரந்தரமாக விரித்துவையுங்கள். மேலே ஏற்றுவதற்கும் ஓரத்திற்கு நகர்த்துவதற்கும் அந்த வேட்டியைத்தான் பிடிக்க வேண்டும், கையையோ அக்குளையோ அல்ல. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, வேட்டியின் ஓரத்தை உடலோடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, எண்ணிக்கை சொல்லி ஒரே நேரத்தில் சற்றுத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. பக்கவாதம் வந்தவரின் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும் என்பதால், அந்தக் கையை எப்போதும் நம் கையில் தாங்கித்தான் நகர்த்த வேண்டும்.

ஒருவரே திருப்ப வேண்டியிருந்தால், எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்களோ அந்தப் பக்கத்திற்கு எதிர்ப்புறமாக நின்று, வேட்டியைப் பிடித்து அவரை முதலில் உங்கள் பக்க ஓரத்திற்குக் கொண்டுவாருங்கள். கட்டிலின் ஓரம் வெறுமையாக இருக்குமானால் ஒரு தலையணையை அங்கே செருகிவிட்டுச் சுற்றி மறுபுறம் வாருங்கள். இப்போது உங்களுக்கு அருகிலுள்ள அவருடைய கையைச் சற்று விலக்கிவைத்து, தொலைவிலுள்ள கையை மார்பின் குறுக்கே வைத்து, தொலைவிலுள்ள முழங்காலை மடக்குங்கள். ஒரு கையை அந்தத் தோளிலும் மற்றதை இடுப்பிலும் வைத்து, உங்கள் ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் ஊன்றி, உடல் பாரத்தைப் பின்காலுக்கு மாற்றினால் அவர் உங்களை நோக்கி உருண்டு வருவார். முதுகை வளைத்து இழுக்க வேண்டியதே இல்லை. தொடங்குவதற்கு முன் “இந்தப் பக்கம் திருப்பப் போறேன்” என்று சொல்லிவிடுங்கள். பேச்சு இல்லாதவருக்கும், நினைவு மங்கியவருக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் திருப்பினால் பயத்தில் உடல் விறைக்கிறது, வேலை இரட்டிப்பாகிறது.

முழுதாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும். ஆகவே முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைக் கொடுத்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் நிறுத்துங்கள். முழங்கால்களுக்கு இடையில் ஒன்று. கெண்டைக்காலின் அடியில் ஒன்றைக் கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். சைக்கிள் டியூப் போல வளையமாக இருக்கும் மெத்தையைப் பிட்டத்தின் அடியில் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அது விளிம்பைச் சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் வேண்டாம்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பின்தலை, காது, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, இடுப்பு, கணுக்கால், குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அது புண்ணின் தொடக்கம். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, எனவே சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருத்தோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அத்தகைய இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து தேய்க்காதீர்கள், ஏற்கெனவே நலிந்த தசை அதனால் இன்னும் சிதைகிறது. அந்தப் பக்கம் பாரம் விழாமல் வைத்தால் போதும்.

ஊட்டுதல்

படுத்த நிலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. தலையணைகளை அடுக்கியோ கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியோ, இயன்ற அளவு நேராக உட்காரவைத்து, முழங்காலின் அடியில் ஒரு தலையணை கொடுத்தால் சரிந்து வரமாட்டார். தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நாம் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அப்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் எளிதில் போய்விடும். ஆகவே அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். சிறு கரண்டியில் பாதி அளவு, நல்ல நிலையில் உள்ள கன்னத்தின் பக்கமாக. விழுங்கினாரா என்று தொண்டை அசைவைப் பார்த்த பிறகே அடுத்தது. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு, மாத்திரை நேரம் தவறுகிறதே என்று எண்ணி வாயில் ஊற்றிவிடாதீர்கள்.

கஞ்சிதான் எளிது என்று எல்லோரும் நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு, தெளிவும் பருக்கையும் கலந்த கஞ்சியே மிகக் கடினமான உணவு. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் தொண்டைக்குள் வழிந்துவிடும். கஞ்சியையும் சிறுபயற்றையும் சேர்த்து மசிய அரைத்து, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல விழும் பதத்தில் கொடுங்கள். வேகவைத்து நார் எடுத்து மசித்த ஏத்தன் பழம் பலருக்கும் பிடித்துப்போகிறது. மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது என்று அடம்பிடிக்கும் பெரியவர்களுக்கு, சாளையைத் தவிர்த்து முள் குறைந்த மீனை வேகவைத்து, விரலால் நசுக்கிப் பார்த்துக் குழைத்துக் கொடுக்கலாம். அந்த ருசியை முழுவதும் நிறுத்திவிட வேண்டியதில்லை. சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், குரலில் நீர் தளும்புவது போன்ற ஒலி ஆகியவை தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இது அடிக்கடி நடந்தாலும், சாப்பாட்டுக்குப் பின் காய்ச்சல் வந்தாலும் உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மருத்துவரிடம் காட்டும்வரை வற்புறுத்தி ஊட்டாதீர்கள். முடிந்ததும் தளர்ந்த கன்னத்தின் உட்புறத்தில் தேங்கியதை ஈரத்துணி சுற்றிய விரலால் எடுத்து, வாயைத் துடைத்து, குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருங்கள். மூச்சடைத்து, இருமவும் முடியாமல் போனால் முன்னோக்கிச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாகத் தட்டிக்கொண்டே, இன்னொருவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதை, குழாய் போட்டவரிடம் கையால் செய்து காட்டச் சொல்லிப் பழகிய பிறகே செய்ய வேண்டும். மூக்கின் அருகே போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் அதில் எதையும் ஊற்றாதீர்கள்.

குளிப்பாட்டுதல்

கட்டிலில் வைத்துத் துடைத்துக் குளிப்பாட்டுவதற்கு இரண்டு பாத்திரங்கள், நான்கைந்து மென்மையான துணிகள், உலர்ந்த துவர்த்து இரண்டு, அடியில் விரிக்க ரெக்சின் விரிப்பு ஒன்று இருந்தால் போதும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்துங்கள். உணர்ச்சி குறைந்த கால்களுக்குச் சூடு தெரியாது, எனவே தண்ணீரை உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள்.

முதலில் கண்கள், சோப்பில்லாமல், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. பிறகு முகம், கைகள், மார்பு, வயிறு, கால்கள், திருப்பி முதுகு, மறைவிடம் கடைசியாக, புதிய தண்ணீரும் வேறு துணியும் கொண்டு. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி ஏறும். சிறுநீர்க் குழாய் இருந்தால், பையை எப்போதும் இடுப்பு மட்டத்திற்குக் கீழே தொங்கவிடுங்கள், திருப்பும்போதும் மேலே தூக்காதீர்கள். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதை மூடியே வைத்திருங்கள். பெற்ற மகனோ மருமகளோ செய்தாலும், முழுதும் திறந்து கிடப்பது ஒருவருக்கு எவ்வளவு வேதனை என்பதை வார்டில் பலமுறை கண்டிருக்கிறேன். நோயால் பேச முடியாதவர்கள் அதைக் கண்ணீரால் சொல்லியிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஆண்டில் பல மாதங்கள் துணி காய்வதில்லை. ஈரம் தங்கும் அக்குள், மார்பின் அடி, தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகியவற்றை ஒற்றி ஒற்றி உலர்த்துங்கள். அங்கே பவுடர் கொட்டினால் கட்டிபிடித்துப் புண்ணாகும். தேங்காயெண்ணெய் தடவ விரும்பினால் எல்லாம் முடிந்த பிறகு, புண்ணும் சிவப்பும் இல்லாத இடத்தில், மெல்லிய பூச்சாகத் தடவலாம். முன்னதாகத் தடவினால் திருப்பும்போது கை வழுக்கும்.

தோலில் கொப்புளம், கருமை, சீழ் வாடை, காய்ச்சல், சிறுநீர் நின்றுபோதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், வழக்கத்துக்கு மாறான மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். வீங்கிய காலைப் பிடித்துவிடவும் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா என்று உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் திட்டத்தில் வலிதணிப்பு செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம்.

அடுத்த பயிற்சி வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, அதே நூலகத்தில் நடைபெறும். கட்டணம் இல்லை. வீட்டில் நோயாளியைத் தூக்கும் ஆண்களும் கட்டாயம் வர வேண்டும். இதுவரை வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. ஒரு பழைய வேட்டியும் இரண்டு தலையணைகளும் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவரும் கட்டிலில் படுத்து, மற்றொருவரால் திருப்பப்படும் அனுபவத்தையும் பெற்ற பிறகே அன்றைய வகுப்பை முடிப்போம்.