நெறியாளர் மாற்றம் கோரி வரலாற்றுத் துறைத் தலைவருக்கு விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்:
ம. தமிழரசி,
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
வரலாற்றுத் துறை.

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள்,
வரலாற்றுத் துறை.

வழி: ஆய்வு நெறியாளர் அவர்கள்

நாள்: 19.01.2026

பொருள்: முனைவர் பட்ட ஆய்வு – நெறியாளர் மாற்றம் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 2023 ஜனவரியில் நம் துறையில் முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்து, பாடநெறித் தேர்வில் தேர்ச்சி பெற்று, ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் பருவந்தோறும் அறிக்கை அளித்து வருகிறேன். என் ஆய்வின் எஞ்சிய பகுதியை நம் துறையின் இணைப் பேராசிரியரான கல்வெட்டியல் ஆசிரியரின் நெறியாள்கையில் தொடர அனுமதி வேண்டி இவ்விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறேன். இதனைத் தற்போதைய நெறியாளரிடம் முதலில் காட்டி, அவருடைய இசைவைப் பெற்ற பிறகே தங்களுக்கு அனுப்புகிறேன்.

பதிவின்போது என் ஆய்வுத் தலைப்பு 1858 முதல் 1947 வரையிலான காலத்தில் மதராஸ் மாகாணத்தின் குடிமராமத்து முறை பற்றியதாக இருந்தது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், அதற்குப் பின் பொதுப்பணித் துறைக்கும் வருவாய் வாரியத்துக்கும் இடையே ஏரிப் பராமரிப்புப் பொறுப்பு குறித்து நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்த்துத் தொகுப்பதே என் முதன்மைப் பணியாக இருந்தது. அத்துறையில் என் நெறியாளருக்கு இருக்கும் புலமையைத் தாங்கள் அறிவீர்கள். ஓர் அரசாணையின் பின்னால் இருக்கும் கோப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி, ஒரு தாசில்தாரின் அறிக்கையை எந்த அளவுக்கு நம்புவது என்பனவற்றையெல்லாம் நான் அவரிடமே கற்றேன்.

அந்த ஆய்வுக்கு முன்னுரையாக, குடிமராமத்துக்கு முந்தைய ஊரார் பொறுப்பு எத்தகையது என்பதைச் சொல்ல ஓர் இயல் எழுத வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரிகள் 'தொன்றுதொட்டு வரும் வழக்கம்' என்று எழுதியதை அப்படியே ஏற்காமல், கல்வெட்டுகளில் அதற்குச் சான்று உண்டா என்று பார்க்கப் புகுந்தபோது, ஏரிவாரியம், ஏரிப்பட்டி, ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்காக வைக்கப்பட்ட பொற்கொடைகள் எனச் செய்திகள் பெருகின. உத்திரமேரூரில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவ்வூரின் வயிரமேகத் தடாகத்தை அந்த வாரியம் எவ்வாறு பராமரித்தது, அதற்கான செலவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. 2024 நவம்பரில் நடந்த ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இவ்வியலைப் படித்துவிட்டு, ஆய்வின் புதுமை இப்பகுதியில்தான் இருக்கிறது என்று கூறி, காலனியக் காலப் பகுதியைக் குறைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தார்கள். அதன்படி 2025 மார்ச்சில் தலைப்பு 'சோழர் காலத் தொண்டைமண்டலத்தில் ஏரிப் பராமரிப்பு: கல்வெட்டுச் சான்றுகள்' என முறைப்படி மாற்றப்பட்டது. நெறியாளர் மாற்றத்துக்கான தேவை இங்கிருந்தே எழுந்தது.

கல்வெட்டைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வில் நெறியாளரின் பணி, இயலைப் படித்துத் திருத்துவதோடு முடிவதில்லை. பாடத்தை வரிவரியாக உடனிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் வருகின்றன. கால் குறியையும் ரகரத்தையும் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டும். இவற்றுக்காவது முன்பின் சொற்கள் துணை செய்யும். நில அளவைக் குறியீடுகளில் அந்தத் துணையும் கிடைப்பதில்லை. ஏரிப்பட்டியாக விடப்பட்ட நிலம் பற்றிய ஒரு கல்வெட்டில், சிதைந்த ஓரிடத்தில் நிற்கும் குறி மாவா, காணியா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. மா என்பது வேலியில் 20இல் ஒரு பங்கு, காணி என்பது 80இல் ஒரு பங்கு என்பதால், ஒரு குறியை மாற்றிப் படித்தால் அக்கொடை நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அக்கொடையின் வருவாய் ஏரியின் ஆண்டுச் செலவுக்குப் போதுமா என்பதே அவ்வியலின் வாதம் என்கையில், இந்த ஐயத்தைத் தீர்க்காமல் மேற்கொண்டு ஒரு பக்கமும் எழுத இயலாது. அச்சிட்ட பாடத்தையும் மைப்படியையும் அருகருகே வைத்து, அக்கல்லிலேயே வேறிடங்களில் வரும் அதே குறிகளோடு ஒப்பிட்டு அது காணியே என்று எனக்கு விளக்கியவர், இப்போது நான் நெறியாளராக வேண்டும் இணைப் பேராசிரியரே. அன்று ஒரு பிற்பகல் முழுவதையும் அவர் அதற்கென ஒதுக்கினார். இத்தகைய இடங்கள் என் தரவில் இன்னும் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றின் பாடம் இதுவரை அச்சில் வராதது, ஆண்டறிக்கைகளில் சுருக்கம் மட்டுமே உள்ளது.

என் நெறியாளர் இது தம்முடைய துறை அன்று என்பதைத் தலைப்பு மாறிய அன்றே என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆயினும் அப்போதே மாற்றம் கோராமல், இணைப் பேராசிரியரை இணை நெறியாளராகக் கொண்டு தொடரலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். நடைமுறையில் அது சரிவரவில்லை. கல்வெட்டுப் பாடத்தை ஒருவரும், அதன் மீது எழுப்பப்படும் வாதத்தை மற்றொருவரும் பார்க்கும்போது, ஒரு பாடத்திருத்தம் வந்தவுடன் வாதமும் மாறிவிடுகிறது. மாறிய வாதத்தை முதலில் இருந்து விளக்கி மீண்டும் ஒப்புதல் பெற வேண்டியிருக்கிறது. காலனியக் கால ஆவணங்களுக்கு ஆய்வேட்டில் எவ்வளவு இடம் அளிப்பது என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பகுதி சரிபாதியாவது இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாறு எழுதினால் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டாது என்பது என் கருத்து. அவருடைய கருத்துக்கும் நியாயம் உண்டு. அது வேறொரு ஆய்வேடாக இருந்திருக்கும்.

மேலும், 2025 ஜூன் முதல் நெறியாளர் தேர்வுப் பிரிவின் கூடுதல் பொறுப்பையும் ஏற்றுள்ளார். ஜூலையில் நான் அளித்த இரண்டாம் இயல் டிசம்பர் மாத இறுதியில்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பருவத் தேர்வும் முடிவு வெளியீடும் அடுத்தடுத்து வரும் ஓர் அலுவலகத்தைக் கவனிப்பவரிடம் வேறெதையும் எதிர்பார்ப்பது முறையாகாது. ஆனால் என் பதிவுக் காலத்தில் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் இத்தகைய இடைவெளிகளை என்னால் தாங்க இயலாது. அவர் 2027 ஜூன் மாதத்தில் பணி ஓய்வு பெறவிருப்பதால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கட்டத்தில் எப்படியும் நெறியாளர் மாற்றம் தேவைப்படலாம். அதை ஆய்வின் நடுவிலேயே செய்துகொள்வது அனைவருக்கும் நல்லது என நினைக்கிறேன்.

எனக்கும் நெறியாளருக்கும் இடையே மனத்தாங்கல் இருப்பதாகத் துறையில் ஒரு பேச்சு இருப்பதை அறிவேன். அது உண்மையன்று. அத்தகைய எண்ணத்துடன் இவ்விண்ணப்பம் பரிசீலிக்கப்படக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

விதிமுறை சார்ந்த நிலையையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறையின்படி இணைப் பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் ஆறு ஆய்வாளர்கள் வரை நெறிப்படுத்தலாம். இணைப் பேராசிரியரிடம் தற்போது நான்கு பேர் மட்டுமே பதிவில் உள்ளனர். அவர் ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்ளது. ஆகவே இடம் குறித்தோ பணிக்காலம் குறித்தோ தடை எழாது. என்னை ஏற்கும் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை அவர் அளித்துள்ளார். அதே ஒழுங்குமுறையின்படி ஆய்வு ஆலோசனைக் குழுவின் அமைப்பாளர் நெறியாளரே என்பதால், மாற்றம் அனுமதிக்கப்படும்போது குழுவையும் திருத்தி அமைக்கும் ஆணை ஒன்றாகவே வழங்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தலைப்பு மாற்றத்தின்போது இரண்டும் தனித்தனிக் கோப்புகளாகச் சென்றதில் காலம் வீணானது தங்களுக்கு நினைவிருக்கும்.

என் பதிவு நாள், பாடநெறித் தேர்ச்சி, இதுவரை அளித்த பருவ அறிக்கைகள் ஆகியவை மாற்றமின்றித் தொடர வேண்டும். நான் முதுநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று வருவதால், மாதாந்திர வருகை உறுதிச் சான்றில் கையொப்பமிடுபவர் யார் என்ற தெளிவு ஆணையில் இருந்தால் உதவித்தொகை இடையில் நின்றுபோகாது. ஆணை வரும்வரை தாமே கையொப்பமிடுவதாகத் தற்போதைய நெறியாளர் கூறியுள்ளார்.

நெறியாளரின் உழைப்புக்குரிய உரிமை எவ்விதத்திலும் குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. குடிமராமத்து பற்றி நாங்கள் இணைந்து எழுதி இதழுக்கு அனுப்பியுள்ள கட்டுரை இருவர் பெயரிலேயே வெளிவரும். வருவாய் வாரிய ஆவணங்களிலிருந்து அவர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த குறிப்பேடுகளை எனக்கு இரவல் தந்திருந்தார். அவை அனைத்தையும் பட்டியலிட்டு இம்மாதம் 9ஆம் நாள் அவரிடம் திருப்பி ஒப்படைத்து, பட்டியலில் கையொப்பம் பெற்றுள்ளேன். அவற்றிலிருந்து எடுத்த எந்தச் செய்தியையும் அவருடைய அனுமதியின்றி ஆய்வேட்டில் பயன்படுத்த மாட்டேன். நான் படியெடுத்த கல்வெட்டுப் பாடங்களும் நிழற்படங்களும் என்னிடமே இருக்க அவர் இசைந்துள்ளார்.

அடுத்த ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம் பிப்ரவரி கடைசி வாரத்தில் நடைபெற வேண்டும். அதற்கு முன் துறைக் குழுவில் இவ்விண்ணப்பத்தை வைத்து, தங்கள் பரிந்துரையுடன் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். விளக்கம் ஏதும் தேவைப்பட்டால், தனித்தோ இரு ஆசிரியர்களின் முன்னிலையிலோ, தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வந்து அளிக்கக் காத்திருக்கிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
ம. தமிழரசி

இணைப்பு: தற்போதைய நெறியாளரின் தடையின்மைச் சான்று; இணைப் பேராசிரியரின் ஒப்புதல் கடிதம்; தலைப்பு மாற்ற ஆணையின் நகல்; 2024 நவம்பர் மாத ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டக் குறிப்பின் நகல்; திருப்பி ஒப்படைத்த குறிப்பேடுகளின் பட்டியல்.

நகல்: தற்போதைய நெறியாளர், இணைப் பேராசிரியர்.